ஊசற்குண்டின் ஆரை வரைபில் தெரிந்த நாள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நீளமான அறை, ஆறு மேசை, கொஞ்சம் தாங்கிகள், இரண்டு மூன்று நிறுத்தற் கடிகாரங்கள். சோளகம் வீசும் மாதங்களில் எளிய ஊசல் செய்முறையை வைத்தால் யன்னலெல்லாம் பூட்டித்தான் செய்யவேண்டும். காற்று உள்ளே வந்தால் குண்டு ஒரே தளத்தில் ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கிவிடும். யன்னலைப் பூட்டினால் வியர்வையில் வரைபுத் தாள் நனையும். எங்கள் பிள்ளைகளின் வரைபுகளில் பாதி இப்படி ஈரமான கைகளால் கீறியவைதான்.

செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததே. நூலின் நீளம் l ஐ மாற்றி மாற்றி 20 அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தை அளக்கவேண்டும். அதிலிருந்து அலைவுகாலம் T. பிறகு l க்கு எதிரே T² ஐக் குறித்தால் நேர்கோடு வரும். அதன் படித்திறன் 4π²/g. பல வருடமாக நான் இதை ஒரு சடங்கு மாதிரித்தான் செய்வித்தேன். புள்ளிகளைக் குறி, கோட்டைக் கீறு, g ஐக் காண், 9.8 க்குக் கிட்ட வந்தால் சரி போடு. வழுக்கோட்டை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் நிச்சயமின்மையைக் காட்டும் அந்தச் சின்னக் கோட்டை, நான் கீறச் சொன்னதே இல்லை. அது பல்கலைக்கழகத்துச் சாமான் என்று நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு குழு கொண்டுவந்த தாள். g = 9.64 என்று எழுதியிருந்தார்கள். சதவீதமாகப் பார்த்தால் இரண்டுகூட இல்லாத வித்தியாசம். முன்பென்றால் சரி போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அன்று பின்நேரம் வகுப்பு முடிந்து மழை பிடித்துக்கொண்டது, ஒருவரும் வீட்டுக்குப் போக வழியில்லை. சரி, இருக்கிற நேரத்தில் இந்த 9.64 எங்கிருந்து வந்ததென்று பார்ப்போம் என்று மேசையில் தாளை விரித்தோம்.

அவர்களின் வாசிப்புகள் இவை. கடைசி நிரலை அவர்கள் எழுதவில்லை. அதைப் பிறகுதான் சேர்த்தோம்.

| l (m) | 20 அலைவுக்கான நேரம் (s) | T (s) | T² (s²) | T² இன் நிச்சயமின்மை (s²) |
|---|---|---|---|---|
| 0.25 | 20.6 | 1.030 | 1.061 | ±0.021 |
| 0.40 | 25.6 | 1.280 | 1.638 | ±0.026 |
| 0.55 | 30.2 | 1.510 | 2.280 | ±0.030 |
| 0.70 | 33.8 | 1.690 | 2.856 | ±0.034 |
| 0.85 | 37.4 | 1.870 | 3.497 | ±0.037 |
| 1.00 | 40.3 | 2.015 | 4.060 | ±0.040 |

முதல் கேள்வி, நேரத்தின் நிச்சயமின்மை எவ்வளவு என்பது. ஒரு பெடியன் உடனே சொன்னான்: “சேர், கடிகாரம் 0.01 செக்கன் வரை காட்டுது. அப்ப ±0.01.” இழிவெண்ணிக்கையைத் தூக்கி அப்படியே வழுவாக எழுதுவது எங்கள் பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம். வேணியரையும் மீற்றர்க்கோலையும் படிப்பிக்கும்போது நாங்கள்தானே அதைப் பழக்கியது. ஆனால் நிறுத்தற் கடிகாரத்தை அமத்துவது கடிகாரமல்ல, ஒரு ஆளின் பெருவிரல். அந்த விரல் எவ்வளவு ஆடுகிறது என்பதைப் புத்தகத்தில் தேட முடியாது, அளந்துதான் பார்க்கவேண்டும். 0.70 மீற்றர் நீளத்தை மாற்றாமல் அதே பெடியனைக் கொண்டே ஐந்து தரம் அளப்பித்தேன். 33.7, 33.9, 33.8, 34.0, 33.6. ஆகக் கூடியதுக்கும் ஆகக் குறைந்ததுக்கும் இடையில் 0.4 செக்கன். அதில் பாதி 0.2. அவன் சொன்னதைப்போல் இருபது மடங்கு. 20 அலைவுக்கு ±0.2 என்றால் ஒரு அலைவுகாலத்துக்கு ±0.01 செக்கன். 20 அலைவு எண்ணுவதன் பயனே அதுதான்: விரலின் தடுமாற்றம் இருபதாகப் பங்கிடப்படுகிறது.

இரண்டாவது இடத்தில்தான் நானே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. நாங்கள் குறிப்பது T அல்ல, T². அப்படியென்றால் ±0.01 ஐ அப்படியே கீற முடியாது. சூத்திரம் 2T × 0.01 என்று சொல்லும். வகையீடு பிடிக்காத பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லவில்லை. “T 1.03 எண்டால் ஆகக் கூடினது 1.04. அதை வர்க்கிச்சுப் பார்” என்றேன். 1.082. நடுப்பெறுமானம் 1.061. வித்தியாசம் 0.021. இதையே கடைசி வாசிப்புக்குச் செய்தால் 2.025 இன் வர்க்கம் 4.101, வித்தியாசம் 0.040. விரலின் வழு எல்லா வாசிப்புக்கும் ஒன்றுதான். ஆனால் வரைபில் மேலே போகப் போக வழுக்கோடு நீளுகிறது, கடைசிப் புள்ளியில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு கோடு கீறிய வரைபை யாராவது கொண்டுவந்தால், இந்தக் கணக்கைச் செய்யவில்லை என்று இப்போது பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்.

நீளத்துக்கும் வழு உண்டுதானே என்று ஒரு பிள்ளை கேட்டாள். உண்டு. மீற்றர்க்கோலால் அளந்தால் ±1 மில்லிமீற்றர் என்று வைக்கலாம். கிடையச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 0.1 மீற்றர் என்று அளவிடை எடுத்திருந்தார்கள். அப்படியென்றால் அந்த வழு தாளில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று. பென்சில் புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே கிடையாகக் கோடு கீறத் தேவையில்லை, “l இன் நிச்சயமின்மை காட்டமுடியாத அளவு சிறியது” என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றேன். அந்த ±1 மில்லிமீற்றர், கோலை வாசிப்பதில் வரும் வழு மட்டும்தான். கோலை எங்கே வைத்து அளந்தோம் என்பது வேறு கதை. அதை அப்போது நானும் நினைக்கவில்லை.

நிலைக்குத்து அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 0.2 s². ஆகச் சின்னக் கட்டம் 0.02. முதல் புள்ளிக்கு மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம். கடைசிப் புள்ளிக்கு இரண்டிரண்டு. சின்னக் கோடுகள்தான், ஆனால் நன்றாகத் தெரியும். பென்சில் கூராக இருக்கவேண்டும். மொட்டைப் பென்சிலின் கோடே அரைக் கட்டத்தை விழுங்கிவிடும்.

ஆறு வழுக்கோடும் கீறி முடிந்தது. அவர்கள் முன்னமே கீறிய நேர்கோடு தாளில் அப்படியே இருந்தது. அது உற்பத்தியிலிருந்து, அதாவது பூச்சியத்திலிருந்து தொடங்கியது. இரண்டாவது புள்ளியிலிருந்து ஆறாவது வரை ஐந்து வழுக்கோடுகளையும் ஒழுங்காக வெட்டிக்கொண்டு போனது. முதலாவதை மட்டும் தொடவில்லை, அதன் அடிநுனிக்குக் கிட்டத்தட்ட ஒரு கட்டம் கீழால் போனது.

“உந்த முதல் புள்ளி பிழையா எடுத்திருப்பம் சேர். விடுவம்.”

“ஏன் கோட்டைப் பூச்சியத்திலயிருந்து கீறினனீங்கள்?”

“நீளம் பூச்சியமெண்டால் காலமும் பூச்சியம்தானே சேர்.”

சமன்பாட்டைப் பார்த்தால் அது நியாயம்தான். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வழுக்கோடுகள் வேறு ஒன்றைச் சொன்னன. பூச்சியத்தினூடாகப் போகிற ஒரு கோடு முதல் வழுக்கோட்டைத் தொடவேண்டுமென்றால் அதன் படித்திறன் குறைந்தது 1.040/0.25, அதாவது 4.16 ஆக இருக்கவேண்டும். அதே கோடு கடைசி வழுக்கோட்டைத் தாண்டாமல் இருக்க, படித்திறன் 4.100/1.00, அதாவது 4.10 ஐ விடக் கூடக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது. பூச்சியத்தினூடாகப் போகும் எந்தக் கோட்டுக்கும் இந்த ஆறு வழுக்கோடுகளையும் வெட்ட வழியே இல்லை. வழுக்கோடு இல்லாமல் வெறும் புள்ளிகளாக இருந்தபோது அந்தக் கோடு அழகாகத்தான் இருந்தது.

சரி, பூச்சியத்தை மறந்துவிட்டுக் கோட்டைக் கீறச் சொன்னேன். அடிமட்டத்தை வைத்தால் கோட்டுக்குக் கீழே உள்ள புள்ளிகள் மறைந்துபோகும் என்பது பழைய தொல்லை. கண்ணாடி அடிமட்டம் கைவசம் இல்லை. ஊசலுக்கு வாங்கிய கறுப்புத் தையல் நூலில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, தாளின் மேல் படியவைத்தார்கள். நூலுக்கு இரண்டு பக்கமும் எல்லாப் புள்ளியும் தெரியும். மேலேயும் கீழேயும் புள்ளிகள் சமனாகப் பரவியிருக்கும்வரை நூலை நகர்த்தி, இரண்டு நுனியிலும் குறி போட்டு, பிறகு அடிமட்டத்தால் கீறினோம். இந்த நூல் வித்தையை இப்போது ஒவ்வொரு வருடமும் காட்டுகிறேன். (தங்கூசி சரிவராது. சுருளில் கிடந்த வளைவு அதில் அப்படியே நிற்கும். ஊசலுக்கும் அதே காரணத்தால் அதைப் பாவிப்பதில்லை.)

படித்திறனுக்கு இரண்டு புள்ளி எடுக்கும்போது, அட்டவணையில் உள்ள புள்ளிகளை எடுக்கக்கூடாது, கோட்டின் மேல் தூரத் தூர இருக்கும் இரண்டு இடங்களை எடுக்கவேண்டும். எடுத்தவை (0.20, 0.86), (1.00, 4.08). படித்திறன் 3.22/0.80 = 4.025. g = 39.48/4.025 = 9.81.

அறை முழுக்க ஒரே சந்தோசம். புத்தகத்து எண் அச்சொட்டாக வந்துவிட்டதே. எனக்கு அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லைத்தான், ஆனாலும் கெடுத்தேன். 9.81 எங்கள் ஊருக்கான எண்ணே இல்லை. புவியீர்ப்பு ஆர்முடுகல் கடல்மட்டத்தில் மத்தியகோட்டில் 9.78, துருவத்தில் 9.83. கிளிநொச்சி வடக்கு அகலக்கோடு 9.4 பாகையில், மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. இங்கே 9.78 தான். 9.81 என்பது ஐரோப்பாப் பக்கத்து அகலக்கோடுகளுக்குப் பொருந்துகிற எண். அப்படியென்றால் எங்கள் விடை பிழையா? அதைச் சொல்ல, படித்திறன் எவ்வளவு ஆடமுடியும் என்று தெரியவேண்டும்.

அதற்குப் பாடசாலையில் செய்யக்கூடிய வழி, எல்லா வழுக்கோடுகளையும் வெட்டிக்கொண்டு போகக்கூடிய ஆகச் செங்குத்தான கோடும் ஆகச் சாய்வான கோடும் கீறுவது. பலர் இதை மூலைக்கு மூலை கீறி முடித்துவிடுவார்கள். முதல் வழுக்கோட்டின் அடியிலிருந்து கடைசி வழுக்கோட்டின் உச்சிக்கு ஒன்று, முதலாவதின் உச்சியிலிருந்து கடைசியின் அடிக்கு மற்றொன்று. செங்குத்தான கோட்டுக்கு அது சரிவந்தது: (0.25, 1.040) இலிருந்து (1.00, 4.100). படித்திறன் 4.08. இடையில் உள்ள நான்கு வழுக்கோடுகளையும் அது வெட்டுகிறது, பார்த்துவிட்டோம்.

சாய்வான கோட்டுக்கு அது சரிவரவில்லை. (0.25, 1.082) இலிருந்து (1.00, 4.020) க்கு இழுத்தால் படித்திறன் 3.92. ஆனால் 0.85 மீற்றரில் அந்தக் கோடு 3.432 இல் போகிறது. அங்கே வழுக்கோட்டின் அடிநுனி 3.460. தாளில் ஒரு கட்டத்துக்கு மேல் இடைவெளி. அந்தக் கோடு செல்லாது. நூலை மெல்ல மெல்லத் திருப்பிப் பார்த்தோம். 0.40 இன் உச்சியிலும் 0.85 இன் அடியிலும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம்தான் எல்லை என்று தெரிந்தது. (0.40, 1.664), (0.85, 3.460). படித்திறன் 3.99. மற்ற நான்கையும் அது வெட்டிக்கொண்டே போகிறது.

ஆகவே படித்திறன் 3.99 க்கும் 4.08 க்கும் இடையில். வித்தியாசத்தின் பாதி 0.045. மூலைக்கு மூலை கீறி விட்டிருந்தால் 0.08 என்று எழுதியிருப்போம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த முறையில் நடுப்புள்ளிகளும் பேசவேண்டும். முதலையும் கடைசியையும் மட்டும் கேட்டால் நான்கு வாசிப்புகளை எடுத்ததே வீண்.

4.025 இல் 0.045 என்பது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். g படித்திறனுக்கு நேர்மாறு விகிதம் என்பதால் அதன் சதவீத நிச்சயமின்மையும் அதே அளவுதான், g இல் 0.11. ஆக விடை 9.8 ± 0.1 m s⁻². 9.81 இன் அந்தக் கடைசி 1 க்கு எங்கள் மேசையில் எந்த அர்த்தமும் இல்லை. 9.78 உம் 9.81 உம் இந்த வரம்புக்குள் அடங்குகின்றன, இவற்றில் எது என்று இந்தச் செய்முறையால் சொல்ல முடியாது. பூச்சியத்தினூடாகக் கீறிய 9.64 மட்டும் வரம்புக்கு வெளியே.

இனி அந்த வெட்டுத்துண்டு. புதிய கோடு T² அச்சைப் பூச்சியத்தில் வெட்டவில்லை. 0.055 இல் வெட்டியது. செங்குத்தான கோடு 0.02 இலும் சாய்வான கோடு 0.07 க்குச் சற்றுக் கீழேயும் வெட்டின. இரண்டு எல்லைக் கோடுகளுமே பூச்சியத்துக்கு மேலே, ஆகவே இது விரலின் தடுமாற்றம் அல்ல. 0.055 ஐப் படித்திறன் 4.025 ஆல் பிரித்தால் 0.014 மீற்றர், 1.4 சென்ரிமீற்றர். எல்லைக் கோடுகளின்படி அரைச் சென்ரிமீற்றரிலிருந்து 1.7 வரை எதுவும் இருக்கலாம். ஒவ்வொரு நீளத்திலும் அவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பிள்ளைதான் எழும்பிப் போய்க் குண்டைக் கையில் எடுத்தாள்.

“சேர், நாங்கள் நூல் முடியிற இடத்துக்குத்தானே அளந்தனாங்கள்?”

வேணியரால் விட்டத்தை அளந்தாள். 2.0 சென்ரிமீற்றர். ஆரை 1.0. ஊசலின் நீளம் தாங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை. அவர்கள் அளந்தது குண்டின் உச்சி வரை. எல்லா நீளத்திலும் அதே ஒரு சென்ரிமீற்றர் விடுபட்டிருக்கிறது. வரைபு முழுதும் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, படித்திறன் மாறவில்லை. அதனால்தான் பூச்சியத்தை விட்ட கோட்டில் g சரியாக வந்தது. பூச்சியத்துக்கு வலிந்து இழுத்தபோது கோடு செங்குத்தாகி, g குறைந்துபோனது. அவர்கள் “விடுவம்” என்று சொன்ன அந்த முதல் புள்ளிதான் இருந்ததிலேயே உண்மை பேசிய புள்ளி.

பிறகு ஒருநாள் அதே எண்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நீளங்களை A நிரலிலும் T² ஐ B நிரலிலும் இட்டு இதைத் தட்டினால் போதும்:

```
=LINEST(B2:B7,A2:A7,TRUE,TRUE)
```

முதல் வரிசையில் படித்திறன் 4.03, வெட்டுத்துண்டு 0.05. அடுத்த வரிசையில் படித்திறனின் நியம வழு 0.03. நூலால் நாங்கள் கண்ட 0.045 ஐ விடச் சிறியது. எல்லைக் கோட்டு முறை எல்லா வழுக்கோட்டையும் வெட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால், வருவது ஆகக் கூடிய ஆட்டம், அந்த நியம வழுவைப் போன்ற ஒன்றல்ல. அதோடு இந்தக் கட்டளைக்கு எங்கள் விரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை மட்டும் வைத்துத்தான் அது சொல்கிறது. மூன்றாவது சொல்லை TRUE என்று விட்டதைக் கவனியுங்கள். FALSE என்று போட்டால் அது கோட்டைப் பூச்சியத்தினூடாக இழுத்து, படித்திறன் 4.09 என்று சொல்லும். அதே பழைய 9.64.

வழுக்கோடு எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நான் தலைகால் தெரியாமல் நம்பத் தொடங்கிய நேரத்தில், அடுத்த வருடப் பிள்ளைகள் பாடம் படிப்பித்தார்கள். ஒரு குழுவின் வரைபு அவ்வளவு துப்புரவு. ஆறு புள்ளியும் கோட்டில், வழுக்கோடுகள் ஒழுங்காக மேலே போகப் போக நீளமாக, இரண்டு எல்லைக் கோடுகளும் கீறி, நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்து, கோடு பூச்சியத்தினூடாகத் தானாகவே போகிறது. g = 10.8 ± 0.1.

வரைபில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு புள்ளியில் மட்டும் அலைவை ஒன்று குறைய எண்ணியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். 0.70 மீற்றரில் அப்படி நடந்தால் புள்ளி பதினான்கு பதினைந்து கட்டம் கீழே போய்த் தனியாக விழும். ஆனால் எல்லாப் புள்ளியிலும் அதே பிழை நடந்தால் எல்லா T உம் இருபதில் ஒரு பங்கு குறையும், எல்லா T² உம் ஒரே விகிதத்தில் குறையும், புள்ளிகள் அப்போதும் நேர்கோட்டில்தான் நிற்கும். வழுக்கோட்டுக்கோ வெட்டுத்துண்டுக்கோ இதைக் காட்டிக்கொடுக்க வழியில்லை.

நான் ஒன்றும் சொல்லாமல், குண்டை விட்டு இன்னொருமுறை எண்ணிக் காட்டச் சொன்னேன். கடிகாரத்தை அமத்தியவன் அதே கணத்தில் “ஒண்டு” என்றான். இருபது என்று சொல்லி நிறுத்தியபோது குண்டு ஆடியிருந்தது பத்தொன்பது அலைவுதான். 10.8 ஐ 19/20 இன் வர்க்கத்தால் பெருக்கினால் 9.75. அவர்களே கணித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் குண்டை விடுகிறவர் அறை முழுக்கக் கேட்க “பூச்சியம்” என்று கத்தித்தான் எண்ணத் தொடங்குவார். யன்னல் பூட்டியிருந்தாலும் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.